யீல்டு ஒரு சதவீதம் ஏறினால் பாண்டு விலை ஏன் நான்கு சதவீதம் இறங்குகிறது?

கேள்வி: முகமதிப்பு 1,000. கூப்பன் 7%, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி. முதிர்வுக்கு இன்னும் 5 ஆண்டு. சந்தை யீல்டு 8% என்றால் விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? யீல்டு 9% ஆனால் விலையும் 1% தானே இறங்க வேண்டும்? விடையில் 4% என்று இருக்கிறது, எப்படி?

பதில்:

யீல்டு 8% இருக்கும்போது விலை 959.45. 9% ஆனதும் 920.87. இறக்கம் 38.57, அதாவது 4.02%. விடை சரிதான்.

முதலில் பத்திரம் என்ன தருகிறது என்பதைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். ஆண்டுக்கு 7% என்றால் 70. அதை இரண்டாகப் பிரித்து ஆறு மாதத்துக்கு 35 வீதம் தருகிறார்கள். ஐந்து ஆண்டில் பத்து தவணை. பத்தாவது தவணையோடு முகமதிப்பு 1,000 திரும்பி வரும். ஆக, ஒன்பது முறை 35, கடைசியில் ஒரு முறை 1,035. கூப்பன் விகிதத்தின் வேலை இத்தோடு முடிந்தது. எவ்வளவு பணம் வரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தப் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்பதைச் சொல்வது சந்தை யீல்டு. இந்த இரண்டையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யீல்டையும் ஆறு மாதக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். பாண்டு சந்தையில் அரையாண்டு வட்டி தரும் பத்திரத்துக்கு 8% யீல்டு என்று சொன்னால், பொதுவாக ஆறு மாதத்துக்கு 4% என்று பொருள். எனவே முதல் தவணையை 1.04 ஆல் ஒரு முறை வகுக்கிறோம், இரண்டாவதை இரண்டு முறை, பத்தாவதைப் பத்து முறை. ஆறு மாதம் கழித்து வரும் 35 இன்று 33.65 பெறும். ஐந்து ஆண்டு கழித்து வரும் 35 இன்று 23.64 தான். அதே நாளில் வரும் 1,000 இன்று 675.56. பத்துக் கூப்பன்களின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் 283.88 வரும். அத்துடன் 675.56 சேர்த்தால் 959.45 (தசம இடங்களை முழுதாக வைத்துக் கூட்டினால் 959.4455).

பத்து முறை தனித்தனியாக வகுக்கத் தேவையில்லை. கூப்பன்கள் எல்லாம் ஒரே தொகை என்பதால் ஒரே காரணியால் பெருக்கிவிடலாம்:

```
A = (1 - 1.04^-10) / 0.04 = 8.1109
P = 35 * A + 1000 * 1.04^-10
  = 283.88 + 675.56 = 959.45
```

விரிதாளில் என்றால் ஒரு வரி போதும். தொகைகளை எதிர்க் குறியோடு கொடுத்தால் விடை நேர்க் குறியோடு வரும்:

```
=PV(0.04, 10, -35, -1000)
```

ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். விடை வந்ததும் அதை அடுத்த தவணைக்கு நகர்த்திப் பாருங்கள். 959.4455 ஐ 1.04 ஆல் பெருக்கி, கூப்பன் 35 ஐக் கழித்தால் 962.82. ஒன்பது தவணை மீதமிருக்கும்போது இருக்க வேண்டிய விலை இது. இப்படியே பத்து முறை செய்தால், கடைசிக் கூப்பனைக் கழித்ததும் கையில் சரியாக 1,000 நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது. இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது: யீல்டு அசையாமல் இருந்தாலும், முகமதிப்புக்குக் கீழே விற்கும் பத்திரத்தின் விலை ஒவ்வொரு தவணைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக 1,000 ஐ நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். 1% ஏறினால் 4% ஏன் இறங்குகிறது?

விலையை வேறு வழியில் ஒரு முறை எழுதிப் பார்த்தால் விளங்கிவிடும். யீல்டு 8% என்றால், இன்று புதிதாக வெளியாகும் இதே தரத்து ஐந்தாண்டுப் பத்திரம் ஆறு மாதத்துக்கு 40 கூப்பன் கொடுத்து, சரியாக 1,000 க்கு விற்கும். உங்களுடையது 35 தான் கொடுக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் 5 குறைவு. இந்தக் குறை பத்துத் தவணைக்குத் தொடரும். குறையின் இன்றைய மதிப்பு 5 × 8.1109 = 40.55. அதை 1,000 இலிருந்து கழித்தால் 959.45. மேலே நீளமாகக் கணக்கிட்ட அதே விலை. முகமதிப்புக்குக் கீழே போகும் தொகை எதுவும் காற்றில் கரைவதில்லை. வரப்போகும் பத்துக் கூப்பன் குறைகளையும் சேர்த்து, வாங்குபவர் இன்றே ஒரே தொகையாகக் கழித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இப்போது யீல்டு 9% ஆகிறது. புதுப் பத்திரம் தவணைக்கு 45 தரும். உங்கள் பத்திரத்தின் குறை 5 இலிருந்து 10 ஆகிறது. ஆறு மாதத்துக்கு 4.5% வீதத்தில் பத்துத் தவணையின் காரணி 7.9127. 10 × 7.9127 = 79.13. 1,000 இலிருந்து கழித்தால் 920.87.

இறக்கத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த குறை தவணைக்கு 5. அதன் இன்றைய மதிப்பு 5 × 7.9127 = 39.56. ஏற்கெனவே இருந்த 5 குறை இப்போது உயர்ந்த வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப்படுவதால் அதன் பாரம் 0.99 குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் 38.57. யீல்டு ஒரு சதவீதம் என்று நாம் சொல்வது ஓர் ஆண்டுக்கான கணக்கு. பத்திரமோ அந்தக் குறையை ஐந்து ஆண்டுக்குச் சுமக்கிறது. ஆண்டுக்கு 10 வீதம் ஐந்து ஆண்டுக்கு 50. எதிர்காலத்தில் வரும் தொகை என்பதால் அந்த 50 இன்றைய மதிப்பில் சுமார் 39 ஆகச் சுருங்குகிறது. "1% ஏறினால் 1% இறங்க வேண்டும்" என்ற எண்ணம், முதிர்வுக்கு ஓர் ஆண்டுதான் மிச்சம் என்றால் ஏறக்குறையப் பொருந்தும். அப்போது விலை 990.57 இலிருந்து 981.27 க்கு, அதாவது 0.94% இறங்கும்.

அதே 7% கூப்பனில் இருபது ஆண்டு மிச்சம் இருந்தால்? 8% இல் விலை 901.04, 9% இல் 815.98. இறக்கம் 9.44%. காலம் ஓர் ஆண்டிலிருந்து இருபது ஆண்டாக, இருபது மடங்கு நீண்டது. இறக்கமோ பத்து மடங்குதான் ஆனது. தொலைவில் வரும் குறைகள் இன்றைய மதிப்பில் மிகவும் சிறுத்துப்போவதே காரணம். ஆகவே, "ஐந்தாண்டுக்கு 4% என்றால் இருபதாண்டுக்கு 16%" என்று நேர் விகிதத்தில் பெருக்கிவிடாதீர்கள்.

இந்த இறக்கம் பத்திரத்தின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று பார்ப்பதும் பயன் தரும். முதல் கூப்பனின் மதிப்பு 33.65 இலிருந்து 33.49 க்கு, வெறும் 0.48% இறங்குகிறது. கடைசி நாளில் வரும் 1,000 இன் மதிப்பு 675.56 இலிருந்து 643.93 க்கு, 4.68% இறங்குகிறது. மொத்த இறக்கமான 38.57 இல் இந்த ஒரே தொகையின் பங்கு மட்டும் 31.64. பத்துக் கூப்பன்களும் சேர்ந்து வெறும் 6.94. விலை எவ்வளவு ஆடும் என்பதைப் பணம் எப்போது வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. கூப்பன் பெரிதாக இருந்தால் பணத்தின் கணிசமான பகுதி முன்கூட்டியே கைக்கு வந்துவிடும், விலை குறைவாக ஆடும். கூப்பனே இல்லாத ஐந்தாண்டுப் பத்திரம் முழு 4.68% இறங்கும்.

இந்த "பணம் சராசரியாக எப்போது வருகிறது" என்பதைத்தான் டியூரேஷன் என்கிறார்கள். ஒவ்வொரு தொகையின் இன்றைய மதிப்பையும் அது வரும் தவணை எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, விலையால் வகுக்க வேண்டும். நம் பத்திரத்துக்கு அது 8.573 தவணை, ஆண்டில் 4.287. முதிர்வு ஐந்து ஆண்டு என்றாலும், கூப்பன்கள் முன்னால் வருவதால் சராசரி சற்றுக் குறைந்துவிடுகிறது. இதை 1.04 ஆல் வகுத்தால் 4.12. இதற்குத் திருத்திய டியூரேஷன் என்று பெயர். விலை மாற்றத்தை மனக்கணக்காகப் போட உதவும் எண் இதுதான்: யீல்டு ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் விலை சுமார் 4.12% இறங்கும், 0.10 ஏறினால் சுமார் 0.41%.

4.12% என்பது சுமார் 39.5. உண்மையான இறக்கம் 38.57. ஏன் இந்த வித்தியாசம்? யீல்டைக் கிடைக்கோட்டிலும் விலையைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைந்தால் கிடைப்பது நேர்கோடு அல்ல. இடப்பக்கம் செங்குத்தாக இறங்கத் தொடங்கி, வலப்பக்கம் போகப் போகத் தட்டையாகும் வளைவு. டியூரேஷன் அந்த வளைவை 8% என்ற புள்ளியில் தொட்டுச் செல்லும் நேர்கோடு மட்டுமே. யீல்டு 7% க்கு இறங்கினால் விலை சரியாக 1,000 ஆகும், ஏற்றம் 40.55. 9% க்கு ஏறினால் இறக்கம் 38.57. ஒரே அளவு மாற்றத்துக்கு ஏற்றம் சற்று அதிகம், இறக்கம் சற்றுக் குறைவு. நேர்கோட்டுக் கணக்கு இரண்டு பக்கமும் சுமார் 39.5 என்றே சொல்லும். கால் சதவீதம், அரைச் சதவீத மாற்றங்களுக்கு டியூரேஷனை நம்பலாம். இரண்டு, மூன்று சதவீதம் என்றாலோ, நீண்ட காலப் பத்திரம் என்றாலோ, புதிய யீல்டைப் போட்டு விலையை முழுதாகவே மறுபடி கணக்கிடுங்கள். ஒரு வரிச் சூத்திரம்தானே.

தவறுகள் எங்கே நேர்கின்றன என்பதையும் எண்களோடு சொல்கிறேன். உங்கள் விடை இவற்றில் ஒன்றோடு பொருந்தினால் பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

விடை 1,000 என்று வந்தால், யீல்டுக்குப் பதிலாகக் கூப்பன் விகிதத்தைப் போட்டு இன்றைய மதிப்பைக் கண்டிருக்கிறீர்கள். கூப்பன் விகிதமும் யீல்டும் ஒன்றாக இருந்தால், காலம் எவ்வளவு ஆனாலும் விடை முகமதிப்புதான். 698.05 என்று வந்தால், தவணையைப் பத்தாக மாற்றிய நீங்கள் யீல்டைப் பாதியாக்க மறந்து, ஆறு மாதத்துக்கு 8% போட்டிருக்கிறீர்கள். 1,133.55 வந்தால் நேர்மாறு: யீல்டை 4% ஆக்கியாயிற்று, ஆனால் கூப்பனை 70 ஆகவும் தவணையை ஐந்தாகவும் விட்டுவிட்டீர்கள். இந்தக் கடைசி இரண்டும் பார்த்தவுடனே கண்ணில் பட வேண்டும். கூப்பனை விட யீல்டு அதிகம் என்றால் விலை 1,000 க்கு மேலே போகவே முடியாது. அதேபோல, ஒரு சதவீத வித்தியாசத்துக்கு ஐந்தாண்டுப் பத்திரம் முப்பது சதவீதம் கீழே போகவும் வழியில்லை. ஆண்டுக்கு 10 குறை, ஐந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 50 தான்.

ஆபத்தானவை நெருங்கி வரும் தவறுகள். 960.07 என்று வந்தால், கூப்பன் ஆண்டுக்கு ஒரு முறை 70 வருவதாக வைத்து 8% இல் ஐந்து தவணை போட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் 63 காசு அளவுதான் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 965.56 வந்தால், 8% ஐக் கூட்டு வட்டி சேர்ந்த ஆண்டு வீதமாக எடுத்து, 1.08 இன் வர்க்க மூலத்திலிருந்து ஆறு மாதத்துக்கு 3.923% என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். இது கணிதப் பிழை அல்ல. யீல்டு எந்த மரபில் சொல்லப்பட்டது என்பதைப் பற்றிய புரிதல் பிழை. ஆறு மாதத்துக்கு 4% என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 8.16% ஆகும். யீல்டைக் கொடுத்தவர் எதைச் சொன்னார் என்று தெரியாமல் விலை போட்டால் 6 அளவுக்குப் பிசகும். கேள்வித்தாளிலோ விலைப்பட்டியலிலோ அரையாண்டுக் கூப்பன் பத்திரத்துக்கு வெறுமனே யீல்டு என்று இருந்தால், பாதியாக்குவதே வழக்கம். ஆண்டுக்கான பயனுறு வீதம் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தால் மட்டும் வர்க்க மூலம் எடுங்கள்.

இன்னொரு குறுக்குவழியும் பலரை ஏமாற்றுகிறது: ஆண்டுக் கூப்பனை யீல்டால் வகுப்பது. 70 ஐ 0.08 ஆல் வகுத்தால் 875 வரும். 0.09 ஆல் வகுத்தால் 777.78. அசலே திரும்பி வராமல், என்றென்றைக்கும் 70 கொடுத்துக்கொண்டே இருக்கும் பத்திரத்துக்குத்தான் இது விலை. நம் பத்திரம் ஐந்தாம் ஆண்டில் 1,000 தந்து முடிந்துவிடுகிறது. அந்த 1,000 தான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆண்டுக் கூப்பனை விலையால் வகுத்துக் கிடைக்கும் 7.30% ஐ முதிர்வு யீல்டு என்று எடுத்துக்கொள்வதும் இதன் உறவுக்காரத் தவறுதான். 959.45 கொடுத்து வாங்கியவர் முடிவில் 1,000 பெறுகிறார், அந்த 40.55 ஆதாயம் 7.30% இல் சேரவே இல்லை.

"1% ஏறியது" என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. 8% இலிருந்து 9% ஆவது ஒரு சதவீதப் புள்ளி ஏற்றம், அதாவது 100 அடிப்படைப் புள்ளி. 8 இல் ஒரு சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 8.08% தான் ஆகும். இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் பாண்டு சந்தையில் அடிப்படைப் புள்ளியில் பேசுகிறார்கள். நம் பத்திரத்துக்கு ஓர் அடிப்படைப் புள்ளி ஏற்றம் விலையில் சுமார் 0.395 இறக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் கூப்பன் கொடுத்த மறுநொடியில் வாங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. நடைமுறையில் இரண்டு கூப்பனுக்கு நடுவில்தான் வாங்குவார்கள். கூப்பன் தேதி முடிந்து 60 நாள் கழித்து, மாதத்துக்கு 30 நாள் என்ற மரபில், வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 180 நாள் தவணையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிட்டது. தவணை தொடங்கிய நாளின் விலையை அந்த மூன்றில் ஒரு பங்கு தவணைக்கு வளர்த்தால் போதும்: 959.4455 × 1.04^(1/3) = 972.07. வாங்குபவர் உண்மையில் கொடுக்கும் தொகை இது. இதில் அந்த 60 நாளுக்கு விற்பவருக்குச் சேர வேண்டிய வட்டி 35 × 60/180 = 11.67 அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 960.40. பட்டியல்களில் விலை என்று பெரும்பாலும் போடுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான். முதலாவதை டர்ட்டி பிரைஸ், இரண்டாவதை கிளீன் பிரைஸ் என்பார்கள்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. டர்ட்டி பிரைஸ் கூப்பன் நாள் வரை ஏறிக்கொண்டே போய், கூப்பன் கொடுத்த நொடியில் 35 சரியும். அதைப் பார்ப்பவர் யீல்டு ஏறிவிட்டதோ என்று நினைத்துவிடலாம். திரண்ட வட்டியைக் கழித்துவிட்டால் அந்தப் படிக்கட்டு மறைந்து, பெரும்பாலும் யீல்டு மாற்றத்தால் வரும் அசைவே தெரியும். விரிதாளின் PRICE சூத்திரம் கொடுப்பதும் கிளீன் பிரைஸ்தான், அதுவும் முகமதிப்பு 100 க்கு:

```
=PRICE(DATE(2025,3,15), DATE(2030,1,15), 7%, 8%, 100, 2, 0)
```

இது 96.04 தரும். நாமே வளர்த்துக் கழித்த 960.40 உடன் பொருந்துகிறது. இங்கே யீல்டை நீங்கள் பாதியாக்கக் கூடாது; கடைசிக்கு முந்தைய 2 என்ற எண்ணைப் பார்த்து அதுவே பாதியாக்கிக்கொள்ளும். PV க்குப் பாதியாக்கிக் கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் 4% கொடுத்துவிட்டு, 113 ஐத் தாண்டிய விடையைப் பார்த்து விழிப்பதுண்டு.

கடைசியாக, பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த இறக்கம் என்ன செய்கிறது? இன்றே விற்றால் 38.57 நட்டம். வைத்திருந்தால் கதை மாறும். விலை இறங்கிய நாளிலிருந்து அதே பத்திரம் 920.87 என்ற அடித்தளத்தின் மேல் ஆண்டுக்கு 9% ஈட்டத் தொடங்குகிறது. வரும் கூப்பன்களையும் அதே 9% இல் மறுமுதலீடு செய்கிறார் என்று கொள்வோம். இரண்டு ஆண்டு முடிவில், யீல்டு ஏறாமல் இருந்திருந்தால் கையில் மொத்தம் 1,122.42 இருந்திருக்கும். ஏறியதால் 1,098.16. இன்னும் 24 பின்னால்தான் நிற்கிறார். ஐந்து ஆண்டு முடிவிலோ ஏறாதிருந்தால் 1,420.21, ஏறியதால் 1,430.09. இப்போது கிட்டத்தட்ட 10 முன்னால் இருக்கிறார். நட்டமும் ஆதாயமும் எங்கே சமமாகின்றன என்று கணக்கிட்டால் 4.28 ஆண்டு. மேலே பார்த்த 4.287 டியூரேஷனின் இன்னொரு முகம் இது. உங்களுக்குப் பணம் தேவைப்படும் நாள் அதற்கு முன் என்றால் யீல்டு ஏற்றம் உங்களைப் பாதிக்கும். அதற்குப் பின் என்றால், கூப்பனைச் செலவழிக்காமல் மறுமுதலீடு செய்யும்வரை, ஏற்றம் உங்கள் பக்கம். கூப்பனை எடுத்துச் செலவழிப்பவருக்கு இந்த ஈடுகட்டல் நடக்காது. அவருக்கு முதிர்வில் அதே 1,000, இடையில் அதே 35 கள். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இந்தக் கணக்கு முழுவதும் யீல்டு ஒரே நொடியில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. மத்திய வங்கி குறுகிய கால வட்டியை ஒரு சதவீதம் ஏற்றினால் ஐந்தாண்டு யீல்டும் அதே அளவு ஏறும் என்று எந்த விதியும் இல்லை. ஏற்றத்தைச் சந்தை முன்பே எதிர்பார்த்து விலையில் சேர்த்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் அசையாமலேகூடப் போகலாம். சூத்திரத்தில் நீங்கள் போட வேண்டியது இதே தரமும் இதே காலமும் உள்ள பத்திரங்களின் யீல்டை. மேலும், வெளியிட்டவர் முன்கூட்டியே பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துவிடும் உரிமை வைத்திருக்கும் பத்திரமானால், இந்தப் பத்துத் தவணைப் பட்டியலே உறுதியானதல்ல. யீல்டு இறங்கும்போது அதன் விலை நம் 40.55 அளவுக்கு ஏறாது, திருப்பிக் கொடுக்கும் தொகையை ஒட்டியே முடங்கிவிடும். அந்த வகைக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் ஏற்றப் பக்கம் விடை மிகையாக வரும்.